மலை ஊரிலிருந்து சுகாதார நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை? சரிவை வைத்துக் கணக்கிடும் முறை

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தை மையமாக வைத்து வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே விழும் ஊர்களெல்லாம் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும். சமவெளியில் அந்த வட்டம் ஓரளவு பயன்படும். மலையில் அது ஆளை ஏமாற்றிவிடும். ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று சுகாதார நிலையம் இருக்கும் அதே மேட்டில் இருக்கலாம். இன்னொன்று நடுவில் ஒரு பள்ளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருக்கலாம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்குத் தூரம் முக்கியமில்லை. எத்தனை நேரம் ஆகும் என்பதுதான் முக்கியம்.

அந்த நேரத்தை உயரத் தரவிலிருந்து எப்படிக் கணக்கிடுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ராஸ்டர் என்றால் என்ன, ஆயத்தொலைவு முறை என்றால் என்ன என்று தெரிந்திருந்து, ஆர் மொழியில் நாலு வரி ஓட்டிப் பார்த்தவராக இருந்தால் போதும்.

முதலில் சூத்திரம்

அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993-இல் வெளியிட்ட நடைவேகச் சூத்திரம்தான் இன்றும் அதிகம் பயன்படுகிறது. சுவிஸ் நிலவரைபட வல்லுநர் எட்வார்ட் இம்ஹோஃப் தந்திருந்த நடைத் தரவுகளை வைத்து அவர் அதை உருவாக்கினார்.

```
W = 6 * exp(-3.5 * |S + 0.05|)
```

W என்பது வேகம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். S என்பது சரிவு: எவ்வளவு உயர்ந்தோம் என்பதைக் கிடையாக எவ்வளவு நகர்ந்தோம் என்பதால் வகுத்தது. கிடையாக 100 மீட்டர் நகர்ந்து 20 மீட்டர் ஏறினால் S = 0.20. இறங்கினால் -0.20.

அந்த 0.05 எதற்கு? மனிதன் மிக வேகமாக நடப்பது சமதரையில் அல்ல, லேசான இறக்கத்தில். அங்கே வேகம் 6 கி.மீ.; சமதரையில் 5.04 கி.மீ. 20 சதவீத ஏற்றத்தில் 2.5 கி.மீ.க்கு விழுகிறது. அதே 20 சதவீத இறக்கத்தில் 3.55 கி.மீ. செங்குத்தான இறக்கமும் நடையை மெதுவாக்கும் என்பது மலையில் இறங்கி முட்டி வலித்த எவருக்கும் தெரியும். சூத்திரமும் அதைச் சொல்கிறது.

இங்கே S-ஐப் பாகையில் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. 20 சதவீதச் சரிவு சுமார் 11.3 பாகை. S இருக்கும் இடத்தில் 11.3 போட்டால் வேகம் கிட்டத்தட்டப் பூஜ்யம் ஆகிவிடும். விடையில் கோடிக்கணக்கான நிமிடங்கள் வந்தாலோ, வரைபடத்தில் சுகாதார நிலையத்தைச் சுற்றி ஒரு சின்னப் புள்ளி தவிர மற்றதெல்லாம் எட்டாத இடமாகத் தெரிந்தாலோ, முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சதவீதத்தை 20 என்று அப்படியே கொடுத்தாலும் இதே கதிதான்.

சரிவு வரைபடத்தை எடுத்துச் சூத்திரத்தில் போடாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இது: க்யூஜிஐஎஸ்-இல் உயரத் தரவைக் கொடுத்துச் சரிவு ராஸ்டர் ஒன்றை உண்டாக்குவார்கள். அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் டோப்ளர் சூத்திரத்தைப் போட்டு வேகம் கண்டுபிடிப்பார்கள். வேகத்தைத் தலைகீழாக்கிச் செலவு ராஸ்டர் என்று வைத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த இடத்திலும் பிழைச் செய்தி வராது. வரைபடமும் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் விடை தவறு.

காரணம், மென்பொருள் தரும் சரிவு என்பது அந்தக் கட்டத்தில் மலை எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பது. அதற்குத் திசை கிடையாது, ஏற்றமா இறக்கமா என்ற குறியும் கிடையாது. நமக்கு வேண்டியது, நடப்பவர் போகும் திசையில் தரை எவ்வளவு ஏறுகிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல.

மலைப்பாதைகளை நினைத்துப் பாருங்கள். ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் மலையின் இடுப்பைச் சுற்றி, ஏறாமல் இறங்காமல்தான் போகும். 40 சதவீதச் சரிவுள்ள மலைப்பக்கத்தில் அப்படி ஒரு பாதை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நடப்பவருக்கு S பூஜ்யம், வேகம் 5.04 கி.மீ. சரிவு ராஸ்டரோ அந்தக் கட்டங்களுக்கு 0.40 என்று சொல்லும், வேகம் 1.24 கி.மீ. ஆகிவிடும். பத்து நிமிட நடை நாற்பது நிமிடமாகிறது. பிறகு செங்குத்தான பக்கங்களில் இருக்கும் ஊர்களெல்லாம் இருப்பதைவிடப் பல மடங்கு ஒதுங்கிக் கிடப்பதாகக் காட்டும்.

ஆகவே வேகத்தைக் கட்டத்துக்குக் கட்டம் கணக்கிடக் கூடாது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு நகர்வுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். அதற்கு ஆர் மொழியில் gdistance என்ற தொகுப்பு தோதாக இருக்கும்.

தரவைத் தயார் செய்வது

இரண்டு ராஸ்டர்கள் போதும். ஒன்று உயரம், இன்னொன்று தரையின் தன்மை. இரண்டும் ஒரே அளவு, ஒரே கட்டம், ஒரே ஆயத்தொலைவு முறையில் இருக்க வேண்டும்.

உயரத் தரவு இலவசமாகவே 30 மீட்டர் கட்டத்தில் கிடைக்கிறது. இறக்கியதும் அது அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும். அதை மீட்டர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைக்கு யுடிஎம் 44 வடக்கு.

```
gdalwarp -t_srs EPSG:32644 -tr 30 30 -r bilinear dem.tif dem_30m.tif
```

இதில் `bilinear` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் மென்பொருள் அருகிலிருக்கும் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும். தரையில் இல்லாத படிக்கட்டுகள் வரிவரியாக முளைக்கும்.

உயரத் தரவில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் ஆனாலும், அதற்குப் பின் வந்த கோப்பர்நிக்கஸ் ஆனாலும், காடு இருக்கும் இடத்தில் மரங்களின் உயரமும் கணக்கில் கலந்துவிடுகிறது. வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் 10 மீட்டர் மரம் நின்றால், 30 மீட்டர் கட்டத்தில் அது 33 சதவீத ஏற்றமாகத் தெரியும். தரை சமமாக இருந்தாலும் கணக்கில் வேகம் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டராகக் குறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, சரிவு ராஸ்டரைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பதுதான். காட்டின் விளிம்பை ஒட்டியே செங்குத்துச் சரிவு ஒரு கோடாக ஓடினால் அது மரம், மலையல்ல. மூன்றுக்கு மூன்று கட்டச் சராசரி ஒருமுறை போட்டால் இது ஓரளவு அடங்கும். அதற்கு மேல் மழுப்பினால் உண்மையான சரிவுகளும் தேய்ந்துபோகும். ஒருமுறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பகுதியை வெட்டும்போது ஒன்றிய எல்லையோடு வெட்டிவிடாதீர்கள். நோயாளி ஒன்றிய எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. மலையின் மேற்குப் பக்கத்து ஊருக்கு ஆலங்காயம் பக்கம் இறங்குவது சுலபமாக இருக்கலாம்; அது வேறு மாவட்டம். எல்லையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டராவது கூடுதலாக எடுத்து, அதற்குள் இருக்கும் எல்லாச் சுகாதார நிலையங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் ஓட்டத்துக்கு இருபதுக்கு இருபது கிலோமீட்டர் அளவில் ஒரு துண்டு போதும். அதிலேயே ஏறக்குறைய நாலரை லட்சம் கட்டங்கள், எழுபது லட்சம் நகர்வுகள் வரும். சாதாரண மடிக்கணினி அதைத் தாங்கும்.

தரையின் தன்மை: உழைப்பு கேட்கும் பகுதி

டோப்ளர் சூத்திரம் பாதையில் நடப்பவருக்கானது. பாதை இல்லாத இடத்தில் வேகத்தை 0.6-ஆல் பெருக்கச் சொன்னார் அவர். ஆகவே காரணி ராஸ்டர் என்னும் இந்த இரண்டாவது ராஸ்டரில் சாலை, மண்பாதை, ஒற்றையடிப் பாதை போகும் கட்டங்களுக்கு 1 என்றும், திறந்த நிலத்துக்கு 0.6 என்றும் போடுங்கள். முட்புதரும் அடர்காடும் இருந்தால் அதற்கும் குறைவாக வையுங்கள். எவ்வளவு என்பதை அங்கே நடப்பவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஏரி, தாண்ட முடியாத ஓடை இவற்றுக்கு மதிப்பே இல்லாமல் வெற்றுக் கட்டமாக விடுங்கள்.

அடுக்கும் வரிசை முக்கியம்: முதலில் நிலம், அதன் மேல் நீர், கடைசியாகப் பாதை. பாதை கடைசியில் வந்தால்தான் தரைப்பாலத்தில் ஓடையைத் தாண்ட வழி கிடைக்கும்.

ஓடையை ஒரே கட்ட அகலத்தில் வரைந்தால் கணக்கு அதைத் தாண்டிக் குதித்துவிடும். சதுரங்கத்தில் குதிரை பாய்வதுபோல் இரண்டு கட்டம் முன்னும் ஒரு கட்டம் பக்கத்திலும் போகும் நகர்வுகளையும் நாம் அனுமதிக்கப் போகிறோம். அவை நடுவிலிருக்கும் ஒற்றை வரிசையைக் கண்டுகொள்ளாது. தடையாக வேண்டிய ஓடைக்கு இரண்டு கட்ட அகலமாவது கொடுங்கள். பாலமே இல்லாத இடத்தில் நேரக்கோடுகள் ஓடையை மதிக்காமல் நேராகக் கடந்து போனால் இதுதான் காரணம்.

பாதைகளை எங்கிருந்து எடுப்பது? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தார்ச்சாலை இருக்கும், சில மண்பாதைகள் இருக்கும். ஊர் மக்கள் தினமும் நடக்கும் ஒற்றையடிப் பாதை பல இடங்களில் இருக்காது. மரநிழலில் போவதால் செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியர், ரேஷன் கடைக்கு நடந்து போய்வரும் பெண்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், இவர்களிடம் அச்சடித்த படத்தைக் கொடுத்து வரைந்து வாங்குவதுதான் நம்பகமான வழி. உயரத் தரவை மெருகேற்றச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்பேன். ஏன் என்பது கீழே வரும் கணக்கில் தெரியும்.

கணக்கை ஓட்டுவது

```r
library(gdistance)
dem <- raster("dem_30m.tif")
fac <- raster("factor_30m.tif")

towards <- function(x) x[1] - x[2]
hd    <- transition(dem, towards, 16, symm = FALSE)
slope <- geoCorrection(hd, type = "c")
adj   <- adjacent(dem, cells = 1:ncell(dem),
                  pairs = TRUE, directions = 16)
speed <- slope
speed[adj] <- 100 * exp(-3.5 * abs(slope[adj] + 0.05))

f    <- transition(fac, min, 16, symm = FALSE)
cond <- geoCorrection(speed * f, type = "c")

phc  <- as.matrix(read.csv("phc.csv")[, c("x", "y")])
mins <- accCost(cond, phc)
writeRaster(mins, "minutes_to_phc.tif")
```

`phc.csv`-இல் நிலையங்களின் x, y இருக்க வேண்டும், ராஸ்டர்கள் இருக்கும் அதே மீட்டர் கணக்கில். 100 எங்கிருந்து வந்தது? மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 100 மீட்டர். அப்படி வைத்துக்கொண்டால் விடை நேராக நிமிடத்தில் வந்துவிடும். 16 என்பது ஒரு கட்டத்திலிருந்து போகக்கூடிய திசைகளின் எண்ணிக்கை. எட்டுத் திசை மட்டும் அனுமதித்தால், இடைப்பட்ட திசையில் போகும் நேர்பாதை வளைந்து வளைந்து போவதாகக் கணக்காகி எட்டு சதவீதம் வரை நீளும். பதினாறில் அது மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும். உயர வித்தியாசத்தில் குறைமதிப்புகள் இருப்பதாக `hd` வரியில் ஓர் எச்சரிக்கை வரும். இறக்கம் என்றால் குறைமதிப்புத்தானே. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

`towards` என்ற வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். `accCost` எப்போதும் தொடக்கப் புள்ளியிலிருந்து வெளிநோக்கித்தான் நேரத்தைக் கூட்டும். தொடக்கப் புள்ளி இங்கே சுகாதார நிலையம். அப்படியே விட்டால் நமக்குக் கிடைப்பது நிலையத்திலிருந்து ஊருக்குத் திரும்பும் நேரம். நோயாளி வருவதோ எதிர்த்திசையில். அதனால்தான் வழக்கமான `x[2] - x[1]` என்பதைத் திருப்பி `x[1] - x[2]` என்று எழுதியிருக்கிறோம். கணக்கு வெளிநோக்கிப் போனாலும் ஏற்ற இறக்கம் உள்நோக்கி வருபவருடையதாக இருக்கும்.

ஒரு ஊரைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்போம்

கணினி சொல்வதை நம்புவதற்கு முன் ஒரே ஒரு பாதையைத் தாளில் போட்டுப் பாருங்கள். பள்ளத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். வயல் வழியே 1 கி.மீ. சமதரை. பிறகு 1.5 கி.மீ. ஏற்றம், 300 மீட்டர் உயர வேண்டும். அதாவது 20 சதவீதம். மேட்டில் ஏறியபின் 0.8 கி.மீ. லேசான இறக்கம், 5 சதவீதம். அங்கே சுகாதார நிலையம்.

சமதரைக்கு 11.9 நிமிடம். ஏற்றத்துக்கு மணிக்கு 2.5 கி.மீ. வேகத்தில் 36 நிமிடம். கடைசி இறக்கத்துக்கு 8 நிமிடம். ஆக 56 நிமிடம். திரும்பும்போது லேசான ஏற்றத்துக்கு 11.4, இறக்கத்துக்கு 25.4, சமதரைக்கு 11.9; ஆக 49 நிமிடம். திசையைக் கவனிக்காமல் விட்டால் ஏழு நிமிடம் குறைவாகச் சொல்லிவிடுவோம்.

இப்போது இதே வழி உங்கள் பாதை அடுக்கில் இல்லை என்று வையுங்கள். வேகமெல்லாம் 0.6-ஆல் பெருக்கப்படும்; 56 நிமிடம் 93 நிமிடமாகிவிடும். கணினி வேறு சாலையைச் சுற்றிக்கொண்டு போகத் தீர்மானித்தால் எண் வேறாகும், ஆனால் தவறு தவறுதான். திசைப்பிழை ஏழு நிமிடம், விடுபட்ட பாதை முப்பத்தேழு நிமிடம். பாதைக்கு ஏன் அத்தனை மெனக்கெடச் சொன்னேன் என்பது இதுதான்.

ராஸ்டரின் விடையை இந்தக் கைக்கணக்கோடு ஒப்பிடும்போது பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசம் வந்தால் பயப்படத் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும் இடத்தில் வித்தியாசம் கூடும். வளைவின் இரண்டு கைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் விழுந்துவிடுவதால், கணக்கில் நடப்பவர் பாதையை விட்டுச் செங்குத்தாகக் குறுக்கே ஏறிவிடுவார். 30 மீட்டர் கட்டத்தில் இதை முழுதாகத் தவிர்க்க முடியாது. ஊர்க்காரர்களும் பல இடங்களில் அப்படிக் குறுக்கே ஏறுவதுண்டு என்பதால், அந்த இடம் ஏறக்கூடியதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. எந்த ஊருக்கும் விடை, நேர்கோட்டுத் தூரத்துக்குக் கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்ற கணக்குக்குக் கீழே போகக் கூடாது. போனால் அலகு எங்கோ தவறியிருக்கிறது. அடுத்து, `x[2] - x[1]` என்று மாற்றி இன்னொரு முறை ஓட்டி இரண்டையும் கழித்துப் பாருங்கள். நிலையத்தைவிடத் தாழ்வான ஊர்களுக்கு வரும் நேரம் அதிகமாகவும், உயரமான ஊர்களுக்குத் திரும்பும் நேரம் அதிகமாகவும் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் குறி மாறிவிட்டது.

யார் நடக்கிறார்?

டோப்ளரின் 5 கி.மீ. நல்ல உடல்நிலையில் இருப்பவர் சுமையில்லாமல் நடக்கும் வேகம். சுகாதார நிலையத்துக்கு அப்படிப்பட்டவர் போவதில்லை. நிறைமாதக் கர்ப்பிணி, முதியவர், குழந்தையைச் சுமந்து வருபவர், இவர்களுக்கு அந்த எண்ணைக் கொடுப்பது நியாயமில்லை.

இதைச் சரிசெய்ய உள்ளூரில் நடந்து பார்ப்பதுதான் வழி. கைபேசியில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டு, குழந்தையோடு வரும் ஒருவரின் வேகத்திலேயே, அவர் நிற்கும் இடத்தில் நின்று, நடந்து வாருங்கள். மேலே சொன்ன 56 நிமிட வழிக்கு 80 நிமிடம் பிடித்தால் விகிதம் 0.7. இதுபோல ஏற்றம் அதிகமான வழி, இறக்கம் அதிகமான வழி, சமமான வழி என்று ஒன்றிரண்டு பார்த்துவிட்டு, விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால் `mins / 0.7` என்று வகுத்துவிடலாம். ஏற்றத்தில் மட்டும் விகிதம் மிகவும் குறைந்தால் ஒரே எண்ணால் சரிக்கட்டக் கூடாது, சூத்திரத்தில் ஏற்றமான நகர்வுகளுக்கு மட்டும் 3.5-ஐக் கூட்டி மறுபடி ஓட்ட வேண்டும்.

டோலி கட்டித் தூக்கி வரும் நோயாளிக்கு இந்தச் சூத்திரம் எதுவுமே பொருந்தாது. தூக்குபவர்கள் தோள் மாற்ற நிற்பார்கள், குறுகலான இடத்தில் தயங்குவார்கள். அந்த நேரத்தைச் சூத்திரத்திலிருந்து வருவிக்க முயலாமல், தூக்கி வந்தவர்களிடமே கேட்டுத் தனியாகக் குறியுங்கள். ரோடு வரை நடந்து அங்கிருந்து மினி பஸ்ஸிலோ ஆம்புலன்ஸிலோ போகிறவர்களுக்கும் கணக்கு வேறு. அப்போது `phc.csv`-இல் நிலையத்துக்குப் பதிலாக வண்டி வந்து நிற்கும் இடங்களைப் போட்டு, நடை நேரத்தை மட்டும் எடுங்கள்.

கடைசியாக, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓடைகள் பெருகும்போது சில வழிகளே அடைபட்டுப்போகும். ஆகவே காரணி ராஸ்டரை இரண்டாக வையுங்கள்: வெயில் காலத்துக்கு ஒன்று, தாண்ட முடியாத துறைகளை வெற்றுக் கட்டமாக்கி, மண்பாதைகளின் மதிப்பைக் குறைத்து மழைக்காலத்துக்கு ஒன்று. இரண்டையும் ஓட்டி ஊர்ப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். மழைக்காலப் பத்தியில் ஏதாவது ஊருக்கு `Inf` என்று வந்தால், அந்த ஊர் உண்மையிலேயே துண்டிக்கப்படுகிறதா அல்லது ஊர்ப்புள்ளி தவறுதலாக நீர்க்கட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். புள்ளியை ஒரு கட்டம் நகர்த்தியதும் எண் வந்துவிட்டால் இரண்டாவது; வராவிட்டால் அந்த ஊரின் பெயரைத் தனியாக எடுத்து, மழை தொடங்கும் முன்பே வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.